லாபம் வந்த பிறகு எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு விட்டு வைப்பது?

தொடர்ந்து சில டிரேடுகள் லாபத்தில் முடியும்போது, நமக்குத் தெரியாமலேயே ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. ஆரம்பத்தில் “இந்த எக்ஸ்சேஞ்சில் ஐந்து லட்சம் வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்” என்று யோசித்துத்தான் பணம் போட்டிருப்போம். அது எட்டு லட்சமாக வளர்ந்த பிறகு, மேலே வந்த மூன்று லட்சத்தை அங்கேயே வைக்கலாமா என்று நம்மை யாரும் கேட்பதில்லை. நாமும் கேட்டுக்கொள்வதில்லை. ஐந்து லட்சத்துக்குத்தான் அந்த நிறுவனத்தை நம்பினோம். இப்போது எட்டு லட்சத்துக்கு நம்பிக்கொண்டிருக்கிறோம்.

சந்தை சரிந்தால் எவ்வளவு போகும் என்று எல்லா டிரேடரும் கணக்குப் போடுகிறார்கள். எக்ஸ்சேஞ்ச் கதவை மூடினால் எவ்வளவு போகும் என்ற கணக்கைப் பலர் போடுவதே இல்லை. இந்தப் பதிவு அந்தக் கணக்கைப் பற்றியது. ரூபாயில் ஸ்பாட் டிரேடிங் செய்யும் இந்திய வாசகரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஃபியூச்சர்ஸ் ஆடுபவர்களுக்குச் சில வித்தியாசங்கள் உண்டு, அவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், கதவு மூடினால் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸின் ஒரு மல்ட்டிசிக் வாலட்டிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள டோக்கன்கள் திருடப்பட்டன. அன்றைக்கே பணம் எடுப்பது நிறுத்தப்பட்டது. முந்தைய நாள் வரை சந்தேகப்பட எந்த அறிகுறியும் இல்லை. அதன் பிறகு விஷயம் சிங்கப்பூர் நீதிமன்றத்துக்குப் போய், கடன் மறுசீரமைப்புத் திட்டம், வாக்கெடுப்பு என்று இழுத்து, 2025 அக்டோபரில்தான் எக்ஸ்சேஞ்ச் மறுபடி திறந்தது. பதினைந்து மாதம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. திருடு போனவை எத்தீரியம் வகை டோக்கன்கள். ஆனால் வேறு காயின்கள் வைத்திருந்தவர்களின் கணக்கும் சேர்ந்தே முடங்கியது, இழப்பை எல்லோருக்கும் பகிர்வதுதான் திட்டமாக இருந்தது. சென்னையைச் சேர்ந்த ஒரு முதலீட்டாளர் இதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார். அவரிடம் இருந்தது எக்ஸ்ஆர்பி, அது திருட்டில் போகவில்லை. 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ ஒரு சொத்து, அதை ஒருவர் சார்பாக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று சொல்லி, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார். முக்கியமான தீர்ப்புதான். ஆனால் தன் காயின் தன்னுடையது என்று நிலைநாட்ட ஒருவர் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எஃப்டிஎக்ஸ் கதை வேறு மாதிரி. 2022 நவம்பர் 6 அன்று பைனான்ஸ் தலைவர் தங்களிடமுள்ள எஃப்டிடி டோக்கன்களை விற்கப்போவதாக அறிவித்தார். 8ஆம் தேதி பணம் எடுப்பது நின்றது. 11ஆம் தேதி திவால் மனு. இரண்டே நாள் அவகாசம். பிறகு வாடிக்கையாளர்களுக்கு முழுத் தொகையும் வட்டியோடு கிடைத்தது என்று செய்தி வந்ததைப் பார்த்திருப்பீர்கள். அந்த “முழுத் தொகை” திவால் மனு போட்ட நாளின் விலையில் கணக்கிடப்பட்டது. ஒரு பிட்காயினுக்கு சுமார் 16,870 டாலர். 2025 பிப்ரவரியில் பணம் கைக்கு வரத் தொடங்கியபோது பிட்காயின் 90,000 டாலரைத் தாண்டியிருந்தது. வட்டியைச் சேர்த்தாலும், ஒரு பிட்காயின் வைத்திருந்தவருக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிட்காயின் வாங்கும் அளவுக்குத்தான் பணம் வந்தது.

ஆகவே “அறிகுறி தெரிந்தால் உடனே எடுத்துவிடுவேன்” என்பதை நான் ஒரு திட்டமாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஒரு நிகழ்வில் அவகாசமே இல்லை, இன்னொன்றில் இரண்டு நாள். பாதுகாப்பு என்பது முன்கூட்டியே அங்கே குறைவாக வைத்திருப்பதுதான்.

குறைவாக என்றால் எவ்வளவு? பாதி எடு, கால்வாசி விடு என்று சதவீதத்தில் பதில் சொல்பவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லாபம் எவ்வளவு வந்தது என்பதை வைத்து எக்ஸ்சேஞ்ச் இருப்பை முடிவு செய்யக் கூடாது. அடுத்த டிரேடுகளுக்கு எவ்வளவு தேவை என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். மளிகைக் கடைக்காரர் கடையைச் சாத்தும்போது மறுநாள் வியாபாரத்துக்கான சில்லறையை மட்டும் கல்லாவில் விட்டுவிட்டு மீதியை எடுத்துப் போகிறார். அன்றைக்கு வசூல் அமோகம் என்பதற்காகக் கல்லாவில் கூடுதலாக விடுவதில்லை.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டிரேடில் போடும் பணம் ஆபத்தில் இருக்கிறது, ஆனால் அதற்கு ஈடாக லாப வாய்ப்பு இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் சும்மா கிடக்கும் பணமும் ஆபத்தில் இருக்கிறது, அதற்கு ஈடாக எதுவும் இல்லை. ஒரு வருடத்தில் நம் எக்ஸ்சேஞ்ச் முடங்க 2% வாய்ப்பு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு லட்சம் சும்மா கிடந்தால், சராசரியாக வருடத்துக்கு 8,000 ரூபாயைக் கொடுத்து ஒன்றுமே வாங்காத மாதிரி. வெளியே எடுக்கும் கட்டணம் சில நூறு ரூபாய்தான். வாய்ப்பு 2% இல்லை, அரை சதவீதம்தான் என்று நீங்கள் வாதிட்டாலும் முடிவு மாறாது.

ஒருவரின் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். கற்பனை மனிதர்தான், ஆனால் எண்கள் நடைமுறையில் வரக்கூடியவை. நிதியாண்டின் தொடக்கத்தில் ஐந்து லட்சம் போட்டார். லாபத்தில் முடிந்த டிரேடுகளின் கூட்டுத்தொகை 4,50,000. நஷ்டத்தில் முடிந்தவை 90,000. மொத்தமாக விற்ற மதிப்பு 40 லட்சம். எல்லாம் விற்று இப்போது ரூபாயாக நிற்கிறது. எக்ஸ்சேஞ்ச் கட்டணங்களைக் கணக்கின் எளிமைக்காக விட்டுவிடுகிறேன்.

அவர் மனதில் லாபம் 3,60,000. ஆனால் விற்பனை ஒவ்வொன்றிலும் 1% டிடிஎஸ் பிடிக்கப்பட்டிருக்கிறது, 40 லட்சத்துக்கு 40,000. ஆகவே கணக்கில் காட்டும் இருப்பு 8,20,000. அடுத்து வரி. நம் நாட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 30%, அதன் மேல் 4% செஸ், சேர்த்து 31.2%. ஒரு டிரேடின் நஷ்டத்தை இன்னொரு டிரேடின் லாபத்தில் கழிக்க அனுமதி இல்லை. எனவே 3,60,000க்கு அல்ல, 4,50,000க்கு வரி: 1,40,400. ஏற்கெனவே பிடித்த 40,000 போக இன்னும் கட்ட வேண்டியது 1,00,400.

இந்த 1,00,400 அவருடைய பணமே இல்லை. இது எக்ஸ்சேஞ்சிலும் இருக்கக் கூடாது, சொந்த வாலட்டிலும் காயினாக இருக்கக் கூடாது. ரூபாயாக வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். வரி ரூபாயில் கட்ட வேண்டிய கடன். அதைப் பிட்காயினாக வைத்திருந்தால், மார்ச்சுக்குள் விலை 40% சரிந்தாலும் கடன் அப்படியே நிற்கும். முன்கூட்டிய வரித் தவணைகள் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதிகளில் வருகின்றன. லாபம் வந்த காலாண்டிலேயே அந்தப் பங்கை எடுத்து வைப்பதுதான் நிம்மதி. எக்ஸ்சேஞ்சின் ரூபாய் வாலட்டில் கிடந்தாலும் ரூபாய்தானே என்று சிலர் நினைக்கிறார்கள். வங்கி டெபாசிட்டுக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் காட்டும் ரூபாய் இருப்புக்கு அது இல்லை.

மீதி 7,19,600. ஆக, அவருடைய உண்மையான லாபம் 2,19,600. மனதில் இருந்த 3,60,000க்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். வரியைப் பிரிக்காமல் “லாபத்தில் பாதியை எடுக்கிறேன்” என்று சொல்பவர்கள் அரசாங்கத்தின் பணத்தையும் சேர்த்துத்தான் பாதி போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இனி வேலைக்குத் தேவையான தொகை. இவர் ஒரே நேரத்தில் மூன்று பொசிஷனுக்கு மேல் வைப்பதில்லை, ஒவ்வொன்றும் 80,000. அது 2,40,000. ஸ்டாப் லாஸ் 5%, அதாவது ஒரு டிரேடுக்கு 4,000. தொடர்ச்சியாகப் பத்து டிரேடு நஷ்டமானாலும் நிற்காமல் ஓட 40,000. இதோடு டிடிஎஸ்ஸையும் சேர்க்க வேண்டும். 80,000க்கு விற்கும் ஒவ்வொரு முறையும் 800 ரூபாய் வெளியே போய்விடுகிறது. மாதம் பதினைந்து விற்பனை என்றால் 12,000. டிரேடில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்றாலும் வேலைத்தொகை இப்படிக் கரையும். பின்னர் வரி கட்டும்போதுதான் அது கழியும். எல்லாம் சேர்த்து 2,92,000. மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இது தேவையின் பக்கம். இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும்: நாளை காலை அந்தச் செயலி திறக்காமல் போய், பதினைந்து மாதம் எதுவும் கிடைக்காது, கடைசியில் ஒரு பகுதிதான் வரும் என்றால், எவ்வளவு வரை தாங்குவீர்கள்? வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஈஎம்ஐ எதுவும் பாதிக்காமல். நம் நண்பரின் பதில் இரண்டு லட்சம் என்று வையுங்கள். தேவை மூன்று, தாங்கும் திறன் இரண்டு. இரண்டில் சிறியதுதான் உச்சவரம்பு.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தேவை மூன்று லட்சமாயிற்றே என்று வரம்பை உயர்த்திவிடுகிறார்கள். உயர்த்தக் கூடாது, பொசிஷனைக் குறைக்க வேண்டும். ஒவ்வொன்றும் 50,000 என்று ஆக்கினால், மூன்றுக்கு 1,50,000, நஷ்டத் தொடருக்கு 25,000, டிடிஎஸ்ஸுக்கு 7,500. மொத்தம் 1,82,500, இரண்டு லட்சத்துக்குள் அடங்குகிறது. லாபத் தொடரின்போது பொசிஷனும் மெல்ல மெல்லப் பெருத்திருக்கும் என்பதால், இந்தக் கணக்கு அதையும் சேர்த்துச் சரிசெய்துவிடும். இன்னொரு வழி, வேலைத்தொகையை இரண்டு எக்ஸ்சேஞ்சுகளில் பிரிப்பது. இரண்டும் ஒரே கஸ்டடி நிறுவனத்தை நம்பியிருந்தால் அந்தப் பிரிப்புக்குப் பெரிய அர்த்தம் இல்லை, அதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

“இப்படி எடுத்துக்கொண்டே இருந்தால் கூட்டு வளர்ச்சி நின்றுவிடாதா?” என்ற கேள்வி நியாயமானது. நிற்கத் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து, வரிக்குப் பிந்தைய லாபத்தில் ஒரு பங்கை, நான் கால்வாசி என்பேன், வேலைத்தொகையில் சேர்க்கலாம், தாங்கும் திறனும் அந்த அளவுக்கு உயர்ந்திருந்தால் மட்டும். வேறுபாடு என்னவென்றால், வரம்பு நீங்கள் யோசித்து உயர்த்துவதால் உயர்கிறது. எடுக்க மறந்ததால் அல்ல.

இரண்டு லட்சம் எக்ஸ்சேஞ்சில், 1,00,400 வரிக்கு. மிச்சம் 5,19,600. இது முழுக்கச் சொந்த வாலட்டுக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எக்ஸ்சேஞ்சை விட்டு வெளியேற இரண்டு கதவுகள் உண்டு: வங்கி ஒன்று, வாலட் இன்னொன்று. நீண்ட காலம் பிட்காயினாக வைத்திருக்க விரும்பும் பகுதி மட்டுமே வாலட்டுக்கு உரியது. நம் நண்பர் மூன்று லட்சத்துக்குப் பிட்காயின் வாங்கி வாலட்டுக்கு அனுப்பி, 2,19,600ஐ வங்கிக்கு அனுப்புகிறார் என்று வைப்போம். வாலட் என்ற ஒரே காரணத்துக்காக ரூபாயைக் காயினாக மாற்றினால் அது பாதுகாப்பு நடவடிக்கை அல்ல, புதிய முதலீடு.

ஹார்டுவேர் வாலட் பத்தாயிரம் ரூபாய் அளவில் ஆகும். ஒரு லட்சத்துக்குக் குறைவான தொகைக்கு அந்தச் செலவு கனமானது. அந்த அளவில் வங்கிக்கே அனுப்பிவிடலாம். மூன்று லட்சத்துக்கு வாங்கலாம், ஆனால் தயாரித்த நிறுவனத்திடமோ அதன் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமோ மட்டும். பழைய பொருள் வேண்டவே வேண்டாம். பெட்டியில் ஏற்கெனவே எழுதிய சீட் வார்த்தைகள் இருந்தால், அது திருடன் தயாரித்து வைத்த வாலட்.

சாதனம் 12 அல்லது 24 வார்த்தைகளைத் திரையில் காட்டும். அவற்றைக் காகிதத்தில் கையால் எழுதுங்கள். போட்டோ எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளாதீர்கள். அடுத்து, பெரும்பாலோர் தவிர்த்துவிடும் படி: சின்னத் தொகை ஒன்றை வாலட்டுக்கு அனுப்பி, வந்ததைப் பார்த்த பிறகு, சாதனத்தை முழுவதுமாக அழியுங்கள். எழுதி வைத்த வார்த்தைகளைக் கொண்டு மறுபடி உயிர்ப்பியுங்கள். அதே சின்னத் தொகை மீண்டும் தெரிந்தால்தான் உங்கள் காகிதம் சரி. ஒரு வார்த்தையைத் தப்பாக எழுதியிருந்தால், அது 500 ரூபாய் இருக்கும்போது தெரிய வேண்டும், மூன்று லட்சம் இருக்கும்போது அல்ல. சொந்த வாலட்டில் பணத்தை இழப்பவர்களில் பலர் திருடப்பட்டு இழப்பதில்லை, தாங்களே திறக்க முடியாமல் இழக்கிறார்கள். வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரத்து ஜேம்ஸ் ஹவெல்ஸ் என்பவரின் ஆயிரக்கணக்கான பிட்காயின்கள், 2013இல் குப்பைக்குப் போன ஒரு ஹார்டு டிஸ்கோடு இன்னும் குப்பைமேட்டில்தான் கிடக்கின்றன.

அனுப்பும்போது முகவரியைக் கணினித் திரையில் பார்த்தால் போதாது, வாலட் சாதனத்தின் திரையிலும் பாருங்கள். நகலெடுத்த முகவரியை நடுவில் மாற்றிவிடும் மால்வேர்கள் உண்டு. முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகளை மட்டும் ஒப்பிடுவதும் போதாது. 2024 மே மாதம் ஒருவர், முதலும் கடைசியும் ஒத்திருந்த போலி முகவரிக்கு சுமார் 6.8 கோடி டாலர் மதிப்புள்ள டோக்கன்களை அனுப்பிவிட்டார். பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுத்தால் இதுதான் ஆபத்து. எக்ஸ்சேஞ்சில் முகவரியை முன்பே பதிந்து வைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். புதிய முகவரிக்கு 24 மணி நேரம் காக்க வைத்தாலும் அது உங்கள் நன்மைக்கே.

எவ்வளவு அடிக்கடி எடுப்பது? ஒவ்வொரு லாபத்துக்கும் எடுத்தால் கட்டணம் தின்றுவிடும். எக்ஸ்சேஞ்ச் ஒரு முறைக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் வாங்குவதால், அது அனுப்பும் தொகையில் அரை சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது என் கணக்கு. கட்டணம் 700 ரூபாய் என்றால் குறைந்தது 1,40,000 சேர்ந்த பிறகு அனுப்பலாம். பிட்காயினில் இன்னொரு காரணமும் உண்டு. வாலட்டுக்கு வரும் ஒவ்வொரு தொகையும் தனித் துண்டாகவே இருக்கும். பின்னாளில் செலவழிக்கும்போது ஒவ்வொரு துண்டும் பரிவர்த்தனையில் தனியாக இடம் பிடிக்கும், நெட்வொர்க் கட்டணமும் அதற்கேற்ப ஏறும். இப்போது புழக்கத்திலுள்ள bc1q முகவரிகளில் ஒரு துண்டுக்கு சுமார் 68 விர்ச்சுவல் பைட். நெரிசலான நாளில் பைட்டுக்கு 50 சடோஷி என்றால், ஒரு துண்டுக்கு 3,400 சடோஷி. 5,000 சடோஷி துண்டுகளாகச் சேர்த்தவர் அன்றைக்கு மூன்றில் இரண்டு பங்கைக் கட்டணமாகவே கொடுப்பார்.

ஃபியூச்சர்ஸ் ஆடுபவர்களுக்கு வருகிறேன். லிவரேஜ் இருப்பதால் குறைந்த மார்ஜினே போதும், எக்ஸ்சேஞ்சில் குறைவாக வைக்கலாம் என்று தோன்றும். பாதி உண்மை. வாலட்டில் இருக்கும் பிட்காயின் அவசரத்துக்கு உடனே மார்ஜின் ஆகாது. ஒரு பிளாக்குக்கு சராசரியாகப் பத்து நிமிடம், எக்ஸ்சேஞ்ச் சில உறுதிப்படுத்தல்களைக் கேட்கும், நெரிசலில் பரிவர்த்தனை வரிசையிலேயே நிற்கும். 2020 மார்ச் 12, 13 தேதிகளில் ஏறக்குறைய ஒரே நாளில் பிட்காயின் பாதி விலைக்கு வந்தது. 2025 அக்டோபர் 10 சரிவில் 24 மணி நேரத்தில் சுமார் 1,900 கோடி டாலர் பொசிஷன்கள் லிக்விடேட் ஆயின. அந்த வேகத்தில் வாலட்டிலிருந்து அனுப்பிக் காப்பாற்ற முடியாது. ஆகவே ஃபியூச்சர்ஸ்காரரின் வேலைத்தொகை, வெளியிலிருந்து எதுவும் வராமலே சில மணி நேரச் சரிவைத் தாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். அது தாங்கும் திறனுக்கு மேல் போனால், இங்கேயும் விடை லிவரேஜைக் குறைப்பதுதான். ஐசொலேட்டட் மார்ஜின் போட்டு, ஒரு பொசிஷனின் தோல்வி மொத்த இருப்பையும் இழுக்காமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

நஷ்டத் தொடர் வரும்போது எதிர்ப்பக்கம் ஒரு சோதனை வரும். வேலைத்தொகை கரையும், வாலட்டில் மூன்று லட்சம் கண்ணில் படும். அதற்கு நான் வைத்திருக்கும் விதி: வாலட்டிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்குத் திரும்ப அனுப்புவது அந்தக் காலாண்டுக் கணக்கு நாளில் மட்டும். பத்து நஷ்டத்துக்கான இடம் ஏற்கெனவே விட்டிருக்கிறோம். அதுவும் தீர்ந்தால் பிரச்சினை பணத்தில் இல்லை, டிரேடில்.

கடைசியாக ஆவணங்கள். சொந்த வாலட்டுக்கு மாற்றுவது விற்பனை அல்ல என்பதால் அந்த நகர்வுக்கு லாப வரி எழுவதில்லை. ஆனால் நாலு வருடம் கழித்து விற்கும்போது, வாங்கிய விலையை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். விலக்காகக் கழிக்க அனுமதிப்பது அதை மட்டும்தான். அப்போது அந்த எக்ஸ்சேஞ்ச் இருக்குமோ என்னவோ. வெளியே எடுக்கும் அன்றே டிரேட் அறிக்கையை இறக்கி, பரிவர்த்தனை எண், தேதி, வாங்கிய விலை மூன்றையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, சாதனம் எங்கே, காகிதம் எங்கே என்பதை வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். எக்ஸ்சேஞ்ச் கணக்கென்றால் வாரிசுச் சான்றிதழோடு போய்க் கேட்க ஓர் அலுவலகமாவது உண்டு. வாலட்டுக்கு அதுவும் கிடையாது.